கையில் வந்து சேராத பணத்துக்கும் வட்டி: கடன் ஒப்பீட்டு அட்டவணை வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

கடன் ஒப்பீட்டு அட்டவணையை நடத்தும் நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கு,

உங்கள் அட்டவணையில் முன்பு ‘கட்டணங்கள்’ என்று ஒரு பத்தி இருந்தது. அண்மையில் அதை எடுத்துவிட்டீர்கள். இப்போது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நான்கு எண்கள்தான் தெரிகின்றன: ஆண்டு வட்டி, தவணைக்காலம், மாதத் தவணை, மொத்தமாகத் திருப்பிச் செலுத்த வேண்டிய தொகை. ஏன் எடுத்தீர்கள் என்று எழுதிக் கேட்டேன். கைபேசித் திரையில் நான்கு பத்திகளுக்கு மேல் வாசிக்கச் சிரமமாக இருப்பதாகவும், கட்டண விவரங்கள் அந்தந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்திலேயே இருப்பதாகவும் உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு பதில் அனுப்பியது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. கணக்கு எழுதுவது என் தொழில். கடன் ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்துச் சொல்லும்படி தெரிந்தவர்கள் என்னிடம் கொண்டுவருவது வழக்கம். இந்த முறை கொண்டுவந்தது என் தங்கை. அதுவும் கையெழுத்துப் போட்டு, பணம் வந்து சேர்ந்த பிறகு.

தொழிலுக்கு ஒரு இயந்திரம் வாங்க அவளுக்கு 3,00,000 தேவைப்பட்டது. உங்கள் அட்டவணையில் அந்தத் தொகையைக் கொடுத்துத் தேடினாள். அவள் கைபேசியில் எடுத்து வைத்திருந்த படத்திலிருந்து முதல் நான்கு வரிசைகளை இங்கே தருகிறேன். நிறுவனங்களின் பெயருக்குப் பதிலாக எழுத்துகள் போட்டிருக்கிறேன்.

| நிறுவனம் | ஆண்டு வட்டி | தவணைக்காலம் | மாதத் தவணை | மொத்தம் |
|---|---|---|---|---|
| அ | 12% | 60 மாதம் | 6,673 | 4,00,400 |
| ஆ | 11% | 36 மாதம் | 9,822 | 3,53,578 |
| இ | 13% | 36 மாதம் | 10,108 | 3,63,895 |
| ஈ | 8% | 36 மாதம் | 10,333 | 3,72,000 |

என் தங்கை அவசரக்காரி இல்லை. தவணை குறைவாக இருக்கிறதே என்று ‘அ’வில் விழவில்லை. மொத்தம் நான்கு லட்சத்தைத் தாண்டுவதைப் பார்த்து அதை ஒதுக்கினாள். ‘ஈ’யில் வட்டி 8% என்று போட்டிருந்தும் 36 மாதத் தவணைகளில் அதுதான் அதிகம் என்பதைக் கவனித்து, ஏதோ சரியில்லை என்று அதையும் விட்டாள். மீதி இரண்டில் வட்டி, தவணை, மொத்தம் மூன்றிலும் ‘ஆ’ குறைவாக இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தாள். நீங்கள் காட்டிய எண்களை மட்டும் வைத்துக்கொண்டு யார் முடிவு செய்தாலும் அங்கேதான் போயிருப்பார்கள்.

அவள் கணக்கில் வந்து சேர்ந்தது 2,79,000.

பிராசஸிங் கட்டணம் 4%, அதாவது 12,000. கடன் காப்பீட்டுப் பிரீமியம் 9,000. இரண்டையும் முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பியிருந்தார்கள். காப்பீடு ‘விருப்பத்தின் பேரில்’ என்றுதான் விண்ணப்பத்தில் இருந்தது. ஆனால் அந்தப் பெட்டியில் ஏற்கெனவே டிக் போடப்பட்டிருந்தது. அதை எடுக்கலாம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. இயந்திரத்தின் விலை குறையப்போவதில்லையே, அந்த 21,000-ஐ அவள் வேறொருவரிடம் கைமாற்றாக வாங்கினாள்.

வாங்கும்போது பிடித்த 21,000-ஓடு செலவு முடிந்துவிடவில்லை. தவணை இன்னமும் 3,00,000-க்குத்தான் கணக்கிடப்படுகிறது. கையில் வந்து சேராத பணத்துக்கும் மூன்று ஆண்டு வட்டி கட்டுகிறாள். அப்படியானால் அவள் உண்மையில் கொடுக்கும் வட்டி விகிதம் என்ன? கையில் வந்த தொகை, மாதத் தவணை, எத்தனை மாதம் என்ற மூன்றும் தெரிந்தால் எந்த விரிதாளிலும் ஒரே வரியில் கண்டுபிடிக்கலாம்:

```
=RATE(36, -9822, 279000)*12
```

விடை 16.1%. நீங்கள் காட்டியது 11%. மூன்று ஆண்டில் அவள் கட்டப்போவது 3,53,578, கைக்கு வந்தது 2,79,000. இந்தக் கடனின் விலை 74,578. உங்கள் ‘மொத்தம்’ பத்தியைப் பார்ப்பவர் அதிலிருந்து 3,00,000-ஐக் கழித்து, செலவு 53,578 என்றுதான் நினைப்பார். உங்கள் எண்ணில் பொய் இல்லை. ஆனால் எதிலிருந்து எதைக் கழிக்க வேண்டும் என்பதை நீங்கள் மறைத்துவிட்டீர்கள். கட்டணப் பத்தியை எடுத்தபோது நடந்தது இதுதான்.

காப்பீடு தனிப்பட்ட பாதுகாப்பு, அதைக் கடனின் விலையில் சேர்ப்பது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். சரி, அதை விட்டுவிட்டே பார்ப்போம். கையில் 2,88,000 வந்ததாக வைத்துக் கணக்கிட்டாலும் விகிதம் 13.85% வருகிறது. 11% வரவே வராது.

இப்போது அவள் ஒதுக்கிய நிறுவனங்களுக்கு வருகிறேன். அவற்றின் கட்டண விவரங்களை நானே ஒவ்வொரு நிறுவனத்திடமும் கேட்டு வாங்கினேன்.

‘இ’ 1% கட்டணம் எடுக்கிறது. 3,000 போக கையில் 2,97,000. அதே சூத்திரத்தில் போட்டால் 13.7%. காட்டிய 13 சதவீதத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இருப்பவற்றில் ஓரளவு நேர்மையான வரிசை இதுதான். வட்டிப் பத்தியை மட்டும் பார்ப்பவருக்கோ நான்கிலும் அதுதான் மோசமானதாகத் தெரியும்.

‘ஈ’யின் 8 சதவீதம் ஃபிளாட் வட்டி. மூன்று ஆண்டும் முழு அசலுக்கே வட்டி போடுகிறார்கள். நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் அவர்கள் கணக்கில் அசல் குறைவதில்லை. 3,00,000-க்கு 8% வீதம் மூன்று ஆண்டுக்கு 72,000. அதை அசலோடு கூட்டி 36-ஆல் வகுத்தால் 10,333. அதே 8% குறையும் நிலுவை மீது கணக்கிடப்பட்டிருந்தால் தவணை 9,401-தான் வந்திருக்கும். கட்டணம் எதுவும் இல்லாமலேயே ‘ஈ’யின் உண்மை விகிதம் 14.55%. மற்ற மூன்றும் குறையும் நிலுவையில் சொன்ன விகிதங்கள். இரண்டு வேறு அளவுகோல்களால் அளந்த எண்களை ஒரே பத்தியில், ஒன்றின் கீழ் ஒன்றாக, எந்தக் குறிப்பும் இல்லாமல் அடுக்கியிருக்கிறீர்கள்.

நிறுவனங்கள் தரும் தகவலைத்தான் காட்டுகிறோம் என்று இதற்கும் பதில் வரலாம். ஆனால் ஃபிளாட் வட்டியைக் கண்டுபிடிக்க அவர்களின் தயவு தேவையில்லை. மொத்த வட்டியை அசலால் வகுத்து, அதை ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். காட்டிய விகிதமே அப்படியே திரும்ப வந்தால் அது ஃபிளாட். ‘ஈ’யில் 72,000-ஐ 3,00,000-ஆல் வகுத்து மூன்றால் வகுத்தால் சரியாக 8% வருகிறது. குறையும் நிலுவையில் போட்ட மூன்று ஆண்டுக் கடனில் இது காட்டிய விகிதத்தில் பாதியைவிடச் சற்று கூடுதலாகத்தான் வரும். ‘இ’யில் 13 சதவீதத்துக்கு 7.1 வருகிறது. உங்களிடம் இருக்கும் நான்கு பத்திகளிலேயே இந்தச் சோதனைக்குத் தேவையான எல்லாமே இருக்கிறது. ஒரு வரிசையில் வட்டியும் தவணையும் பொருந்தவில்லை என்றால் உங்கள் மென்பொருள் அதை ஒரு நொடியில் பிடித்துவிடும். பிடிக்கச் சொல்லி நீங்கள் அதற்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு அதிகமாக வலிப்பது ‘அ’. அந்த நிறுவனத்தை அழைத்துக் கேட்டேன். 36 மாதத்துக்கும் அவர்கள் அதே 12 சதவீதத்தில் கடன் தருகிறார்கள். நீங்கள் 60 மாதத்தை மட்டுமே காட்டினீர்கள். 36 மாதம் என்றால் தவணை 9,964, மொத்தம் 3,58,714. கட்டணம் 2%, அதாவது 6,000. கையில் 2,94,000 வந்திருக்கும். உண்மை விகிதம் 13.4%. என் தங்கைக்குக் கிடைத்திருக்கக்கூடிய நான்கு கடன்களில் ஆகக் குறைந்த விலை இதுதான். அவள் இப்போது வாங்கியிருப்பதைவிட 15,000 கூடுதலாகக் கைக்கு வந்திருக்கும், செலவிலும் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான தொகை மிச்சமாகியிருக்கும். ‘மொத்தம்’ பத்தியில் 4,00,400 என்று பார்த்ததும் அவள் ஒதுக்கிவிட்டாள். அந்தப் பத்தி சொன்னது நிறுவனம் விலை அதிகம் வாங்குகிறது என்று இல்லை. காலம் நீளம் என்றுதான். வெவ்வேறு தவணைக்காலங்களின் மொத்தத்தை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தால், காலம் குறைந்த கடன் எப்போதும் மலிவாகத் தெரியும். தவணையை வைத்துப் பார்த்தால் காலம் நீண்ட கடன் எப்போதும் மலிவாகத் தெரியும். இரண்டு பத்திகளும் எதிரெதிராக இழுக்கின்றன. நடுவில் நிற்பவருக்கு எதை நம்புவது என்று தெரிவதில்லை. அட்டவணையைத் திறந்தவுடன் மாதத் தவணைப்படிதான் வரிசை வருகிறது. காலம் நீளமாகக் காட்டும் நிறுவனம் எந்தச் சிரமமும் இல்லாமல் மேலே போய் நின்றுவிடும்.

எல்லோருக்கும் 36 மாதம் என்று வைத்து, கையில் வரும் தொகையைக் கொண்டு கணக்கிட்டால் வரிசை இப்படி அமைகிறது: ‘அ’ 13.4, ‘இ’ 13.7, ‘ஈ’ 14.55, ‘ஆ’ 16.1. உங்கள் வட்டிப் பத்தியின்படி அடுக்கினால் ‘ஈ’, ‘ஆ’, ‘அ’, ‘இ’. நீங்கள் மலிவு என்று காட்டும் முதல் இரண்டுமே உண்மையில் விலை கூடியவை. இருப்பதில் நல்லவை இரண்டும் கீழே கிடக்கின்றன. இப்படி ஒரு அட்டவணை இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல் என்று நான் சொல்ல வரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு இடம் மக்களுக்குக் கண்டிப்பாக வேண்டும். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

இதற்கு ஒரு பத்தி போதும். கட்டணங்களையும் சேர்த்த உண்மை ஆண்டு விகிதம். இது நான் கண்டுபிடித்த புதுமை இல்லை. அமெரிக்காவில் 1968-இல் வந்த கடன் வெளிப்படைச் சட்டமே அதை வெளியிடச் சொல்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். நான் மேலே தந்தவை மாத விகிதத்தை 12-ஆல் பெருக்கி வந்தவை. கூட்டு வட்டியாகக் கணக்கிடும் நாடுகளில் அதே 16.1 சதவீதம் 17.3 ஆகத் தெரியும். எந்த முறையை வைத்தாலும் பரவாயில்லை, எல்லா வரிசைக்கும் ஒரே முறையாக இருக்க வேண்டும். எது என்று அட்டவணையிலேயே எழுதியிருக்க வேண்டும்.

அந்த விகிதத்துக்கும் ஒரு குறை உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. கடனைக் கடைசி மாதம் வரை கட்டுவோம் என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு அது. நடுவில் பணம் வந்தால் பலர் முன்பே அடைத்துவிடுவார்கள். என் தங்கை பன்னிரண்டு மாதத்தில் அடைப்பதாக வைத்துக்கொள்வோம். முன்கூட்டியே முடிப்பதற்கு எந்தக் கட்டணமும் இல்லை என்றே இருக்கட்டும். ‘ஆ’வில் அந்த ஓராண்டுக்கு அவளுக்கு ஆகும் செலவு சுமார் 49,600. ‘இ’யில் சுமார் 36,900. முழுக் காலமும் கட்டியிருந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 7,700; சீக்கிரம் அடைத்தால் அது 12,700 ஆகிவிடுகிறது. வட்டி குறைந்துகொண்டே போகும், முன்பே பிடித்த கட்டணம் திரும்பி வராது. கடனைச் சீக்கிரம் தீர்க்க வேண்டும் என்று நினைக்கிற பொறுப்பான ஆள்தான் இதில் அதிகம் அடி வாங்குகிறார். ஃபிளாட் வட்டியில் சில ஒப்பந்தங்கள் மீதி மாதங்களின் வட்டியையும் சேர்த்தே கேட்கின்றன. முன்கூட்டி முடித்தால் என்ன ஆகும் என்பதும் அட்டவணையில் தெரிய வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

இன்னொன்று. பல வரிசைகளில் நீங்கள் காட்டுவது ‘தொடக்க வட்டி’. மிக நல்ல கடன் வரலாறு உள்ளவருக்கு மட்டும் கிடைக்கிற விகிதம் அது. அதை வைத்தே தவணையையும் மொத்தத்தையும் கணக்கிட்டுவிடுகிறீர்கள். விண்ணப்பித்த பிறகு வரும் எண் வேறு. பிரிட்டனில் விளம்பரத்தில் மாதிரியாகக் காட்டும் விகிதம், அந்த விளம்பரத்தால் கடன் பெறுபவர்களில் குறைந்தது 51 சதவீதம் பேருக்காவது அதே விகிதத்திலோ அதற்குக் குறைவாகவோ கிடைக்கும் என்று எதிர்பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பாதிப் பேருக்குக்கூடக் கிடைக்காத விகிதத்தைக் காட்டி ஒப்பிடச் சொல்வது ஒப்பீடு ஆகாது.

என் கோரிக்கைகள் இவை.

கட்டணப் பத்தியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். திரையில் இடமில்லை என்றால் இப்போதிருக்கும் வட்டிப் பத்தியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கட்டணங்களையும் கட்டாயமாக எடுக்க வைக்கும் காப்பீட்டையும் சேர்த்த உண்மை ஆண்டு விகிதத்தைப் போடுங்கள். அட்டவணையைத் திறந்தவுடன் அதன்படியே வரிசை வரட்டும்.

கடன் தொகைக்குப் பக்கத்தில் ‘கையில் வரும் தொகை’ என்று ஒரு எண்ணைக் காட்டுங்கள். என் தங்கை 2,79,000 என்பதைத் திரையில் பார்த்திருந்தால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது.

எந்தத் தவணைக்காலம் வேண்டும் என்று பயனரிடம் முதலிலேயே கேளுங்கள். எல்லா நிறுவனத்துக்கும் அந்தக் காலத்துக்கே தவணையையும் மொத்தத்தையும் கணக்கிடுங்கள். அந்தக் காலத்துக்குக் கடன் தராத நிறுவனத்தைத் தனியாகக் காட்டுங்கள், அதே பட்டியலுக்குள் கலக்க வேண்டாம்.

ஃபிளாட் வட்டி தரும் நிறுவனத்தின் விகிதத்தைக் குறையும் நிலுவைக்கு மாற்றிய பிறகே வெளியிடுங்கள். மாற்றித் தர மறுக்கும் நிறுவனத்தின் தவணையிலிருந்து நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

‘தொடக்க வட்டி’யை வைத்துத் தவணை கணக்கிடுவதை நிறுத்துங்கள். உங்கள் வழியாகக் கடன் வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு மேல் கிடைத்த விகிதம் எது என்று உங்களுக்குத் தெரியும். அதைப் பயன்படுத்துங்கள்.

ஒரு நிறுவனம் பணம் கொடுத்து மேலே இடம் பிடித்திருந்தால் அந்த வரிசையிலேயே அதைச் சொல்லுங்கள்.

கடைசியாக, கட்டணப் பத்தி இல்லாத இந்தக் காலத்தில் உங்கள் அட்டவணை வழியாகக் கடன் வாங்கிய ஒவ்வொருவருக்கும், அவர் கையில் பெற்ற தொகையையும் உண்மை ஆண்டு விகிதத்தையும் எழுத்தில் அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் ரத்து செய்யும் அவகாசம் இருந்தால் அதன் கடைசி நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த அவகாசம் முடிவதற்குள் கடிதம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். இந்த மடலுக்கான பதிலை வாடிக்கையாளர் சேவைப் பிரிவு எழுத வேண்டாம். பத்தியை எடுக்க முடிவு செய்தவர் யாரோ அவரே, எதை எந்தத் தேதிக்குள் மாற்றுவீர்கள் என்று எழுதி, எல்லோரும் பார்க்கும்படி அட்டவணைக்குப் பக்கத்திலேயே வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.